ஒரு நாள் நடைக்கு எத்தனை ரூபாய்?

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கு ஆர்டர் எடுப்பது என் வேலை. காலை ஒன்பதரை மணிக்கு நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினால் செல்லூர், ஆரப்பாளையம், வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம் என்று நாளுக்கு ஒரு பக்கம். அந்தப் பகுதி வரைக்கும் பஸ்ஸில் போய்விடலாம். அதற்குப் பிறகு சந்து சந்தாக நடைதான். ஒவ்வொரு பெட்டிக்கடை வாசலிலும் வண்டியை நிறுத்தி, பூட்டி, மறுபடி எடுப்பதற்குள் நடந்தே மூன்று கடை பார்த்துவிடலாம். நாளுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வரும். தச்சருக்கு உளி எப்படியோ, எனக்குச் செருப்பு அப்படி.

அப்படிப்பட்ட செருப்பை நான் பல வருடங்களாக நடைபாதைக் கடையில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். இருநூற்றைம்பது ரூபாய், பார்க்க லட்சணமாக இருக்கும், மூன்று மாதம் வந்தால் போதும் என்ற கணக்கு. அது உண்மையில் கணக்கே இல்லை, பழக்கம் என்பது ஒரு மே மாத நண்பகலில் தெரிந்தது. வில்லாபுரத்தில் ஒரு கடையிலிருந்து இறங்கிப் பத்தடி வைத்திருப்பேன், வலது காலின் முன்வார் அடித்தளத்திலிருந்து முழுதாகப் பிடுங்கிக்கொண்டது. தார் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. செருப்பைக் கயிற்றால் கட்டி இழுத்துக்கொண்டே போய், முதலில் கண்ணில் பட்ட கடையில் நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்கினேன். அளவு ஒன்று பெரியது. அன்று பார்க்கவேண்டிய கடைகளில் பாதி நின்றுபோனது.

அன்று இரவு ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, செருப்புக்கென்று தனிப் பற்று எழுத ஆரம்பித்தேன். கடைக்காரர்களின் பாக்கியை நாள்தோறும் எழுதுகிறவனுக்கு இது பெரிய வேலை இல்லை. வாங்கிய தேதி, விலை, பழுது பார்த்த செலவு, தூக்கிப்போட்ட தேதி, அவ்வளவுதான். இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். மாதங்களை எண்ணக் கூடாது, போட்டுக்கொண்டு வேலைக்குப் போன நாட்களை மட்டும் எண்ண வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் கிடந்த செருப்புக்கு வயது ஏறலாம், உழைப்பு ஏறாது.

ஒரு வருடம் முடிந்தபோது முந்நூறு வேலை நாட்கள். அதற்கு நான்கு ஜோடி. ஒன்று 62 நாள் வந்தது, ஒன்று 81, ஒன்று 70, கடைசியானது 87. நான்குக்கும் விலை சேர்த்து 1,040 ரூபாய். பசை போட்டது, வார் தைத்தது எல்லாம் 160. அந்த அவசர ரப்பர் செருப்பு 120. மொத்தம் 1,320. முந்நூறால் வகுத்தால் ஒரு நாள் நடைக்கு 4 ரூபாய் 40 காசு. இருநூற்றைம்பது ரூபாய்ச் செருப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் வருடத்துக்கு ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு நடந்திருக்கிறேன்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடைக்கு அடியில் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போனேன். எனக்குப் பசை போட்டுப் போட்டு அலுத்துப்போனவர் அவர். "அய்யா, நல்ல செருப்பு வாங்கலாம் என்று பார்க்கிறேன், எதைப் பார்த்து வாங்குவது?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் என் காலில் இருந்ததைக் கழற்றச் சொன்னார். அடித்தளத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி எடுத்தார். நகக்குழி அப்படியே நின்றது.

"இது நுரை. லேசாக இருக்கும், முதல் நாள் மெத்தை மாதிரி இருக்கும். நீங்கள் நடக்க நடக்க அமுங்கிப்போகும், ரோடு அதை ரப்பர் அழிப்பான் மாதிரி தின்றுவிடும். இதில் நான் எங்கே ஊசி குத்துவது? நூலை இழுத்தால் நுரையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் தம்பி, உங்களுக்குப் பசை மட்டும் போடுகிறேன்."

இ.வி.ஏ. என்று கடைகளில் சொல்லும் பொருள் அது. மோசமான பொருள் இல்லை. ஓட்டத்துக்கான காலணிகளிலும் கால் அதிர்ச்சியைத் தாங்க அதைத்தான் வைக்கிறார்கள். ஆனால் அங்கே தரையில் படும் இடத்துக்குத் தனியாக ரப்பர் ஒட்டியிருப்பார்கள். மலிவுச் செருப்பில் மெத்தையும் அதுவே, தரையில் தேய்வதும் அதுவே.

பிறகு பழுதுக்கு வந்திருந்த வேறொருவரின் தோல் சான்டலை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் ஓரத்தைச் சுற்றி ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் நூல். "இந்தப் பள்ளம் இருந்தால் நூல் தரையில் உரசாது. ஆனால் பள்ளத்தையும் நூலையும் அச்சிலேயே வார்த்து ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஊசி முனையால் ஒரு தையலைத் தூக்கிப் பாருங்கள். நூலாக இருந்தால் தனியாக எழும்பும். அச்சாக இருந்தால் எழும்பாது." ஊசி இல்லாமல் கடைக்குப் போகிறவர்களுக்கு நகமே போதும், நான் சோதித்திருக்கிறேன். தோல்தானா என்பதற்கு வாரின் வெட்டிய ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். தோல் என்றால் வெட்டிய இடம் நார் நாராக இருக்கும். துணி மேல் பூசிய போலி என்றால் மேலே ஒரு பிளாஸ்டிக் படலமும் கீழே நெய்த துணியும் தனித்தனியாகத் தெரியும். ஓரத்தை மடித்து உள்ளே தைத்து மறைத்திருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

1,700 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். தோல் வார், ரப்பர் அடித்தளம், சுற்றிலும் தையல். வீட்டில் விலையைச் சொன்னபோது என் மனைவி, "அந்தப் பணத்துக்கு எனக்கு ஒரு சுங்குடிச் சேலையும் பிள்ளைக்கு ஒரு பையும் வந்திருக்கும்" என்றாள். நியாயமான பேச்சுதான். ஆறேழு மலிவு ஜோடியின் விலையை ஒரே நாளில் கொடுத்திருக்கிறேன். முதல் பத்து நாள் குதிக்காலில் கொப்புளம் வேறு.

இப்போது எல்லோரும் எதிர்பார்க்கும் கதை, நல்ல செருப்பு ஜெயித்தது என்பது. என் நோட்டு அப்படிச் சொல்லவில்லை. அந்த ஜோடியின் முதல் அடித்தளம் 320 வேலை நாள் தாங்கியது. இடையில் இரண்டு முறை தையல், அவ்வப்போது பாலிஷ், சேர்த்து 180 ரூபாய். 1,880 ரூபாயை 320 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 5 ரூபாய் 88 காசு. மலிவுச் செருப்பைவிட ஒன்றரை ரூபாய் அதிகம். வருடம் முழுக்கக் கண்ணும் கருத்துமாகப் பார்த்து, மழையில் நனைந்தால் நாளிதழைச் சுருட்டி உள்ளே அடைத்து நிழலில் உலர்த்தி (வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும்), கடைசியில் நஷ்டம். அன்று இரவு எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அடித்தளம் தேய்ந்த அந்த நிலையில்தான் பெரும்பாலோர் செருப்பைத் தூக்கிப்போடுகிறார்கள். நானும் புதிது வாங்கலாமா என்றுதான் பெரியவரிடம் போனேன். அவர் புதிய ரப்பர் அடித்தளம் வைத்துத் தைக்க 450 ரூபாய் கேட்டார். "நானூற்றைம்பதா? அதற்கு மலிவில் இரண்டு ஜோடி கிட்டத்தட்ட வந்துவிடுமே, அய்யா" என்றேன். "வரும். அந்த இரண்டும் எத்தனை நாள் வரும்?" என்று கேட்டார். என் நோட்டு என் கையிலேயே இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த இடத்தில் என் கணக்கு ஒரு தப்புப் பாதையில் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. ஏற்கெனவே கொடுத்த 1,700 ரூபாயையும் இந்த 450 ரூபாயையும் கூட்டிப் பார்த்து, இன்னும் செலவா என்று மலைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் 1,700 போனது போனதுதான். தைத்தாலும் அது திரும்பாது, தூக்கிப்போட்டாலும் திரும்பாது. இன்று என் முன்னால் இருக்கும் கேள்வி வேறு: இந்த 450 ரூபாய் எனக்கு எத்தனை நாள் நடையை வாங்கித் தரும்? பெரியவர், இருநூற்றைம்பது நாள் நிச்சயம் என்றார். அப்படியானால் நாளுக்கு ஒரு ரூபாய் எண்பது காசு. மலிவு ஜோடி வாங்கினால் 4 ரூபாய் 40 காசு. மேல்தோல் நன்றாக இருக்கும்வரை பழையதைத் தைப்பதுதான் மலிவு.

இரண்டாவது அடித்தளம் 260 நாள் வந்தது. நடுவில் 60 ரூபாய்க்குத் தையல். ஆக மொத்தம் 2,390 ரூபாய், 580 நாள், நாளுக்கு 4 ரூபாய் 12 காசு. அதாவது விலை உயர்ந்த செருப்பு மலிவுச் செருப்பை முந்தியது ஏறக்குறைய 540 நாட்களைத் தாண்டிய பிறகுதான். ஒன்றே முக்கால் வருடம். அதற்குள் அது தொலைந்திருந்தாலோ, நான் அலுத்துப்போய் வேறு வாங்கியிருந்தாலோ, மலிவுச் செருப்பே கெட்டிக்காரத்தனம் ஆகியிருக்கும். நல்ல செருப்பை வாங்கி, முதல் அடித்தளம் தேய்ந்ததும் வீசுகிறவர்தான் எல்லோரையும்விட அதிக விலை கொடுத்து நடக்கிறவர். ஆகவே இப்போது நான் கடையில் ஒரு செருப்பைப் பார்த்தால், எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்பதற்கு முன், அடித்தளம் மாற்ற முடியுமா, மாற்றுகிற ஆள் எனக்கு நடைதூரத்தில் இருக்கிறாரா என்று பார்க்கிறேன். தைக்க முடியாத ஆயிரத்தைந்நூறு ரூபாய்ச் செருப்பை என்னைப் போல நடக்கிறவர் வாங்காமல் இருப்பது நல்லது.

எப்போது தைக்கக் கொடுப்பது என்பதிலும் காசு இருக்கிறது. பெரும்பாலானோருக்குக் குதிக்காலின் வெளி ஓரம்தான் முதலில் தேயும். உங்கள் செருப்பை மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ரப்பர் தேய்ந்து, அதற்கு மேலே உள்ள அட்டைப் பகுதி தெரிய ஆரம்பித்துவிட்டால் கதை முடிந்தது. மழைத் தண்ணீரை அது உறிஞ்சி உப்பும், தையல் விடும், பிறகு அடித்தளத்தோடு அந்த அட்டையையும் மாற்ற வேண்டும். அதற்கு முன்னாலேயே, ரப்பர் கால் பங்கு மிஞ்சியிருக்கும்போது குதிக்கால் ஓரத்தில் மட்டும் சின்ன ஒட்டு வைத்துவிட்டால் இரண்டு மாதம் தள்ளிப்போடலாம். எங்கள் தாத்தா காலத்தில் இதற்கு இரும்பு லாடமே அடிப்பார்கள். நடந்து வருவது தெருமுனையிலேயே கேட்குமாம். இன்றைக்கு டைல்ஸ் போட்ட கடைகளில் அப்படி நடந்தால் வழுக்கி விழ வேண்டியதுதான்.

இந்தக் கணக்கு எங்கெல்லாம் செல்லாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் மைத்துனர் ஒருவர் 2,400 ரூபாய்க்கு ஷூ வாங்கினார். நல்ல நாளுக்கு மட்டும் போடுவது என்று பெட்டியில் வைத்துப் பத்திரப்படுத்தினார். மொத்தம் நான்கு முறை போட்டிருப்பார். சில வருடம் கழித்துத் தங்கை மகள் கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு மண்டபத்தில் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் போன பாதையெல்லாம் கருப்பாகப் பிட்டுப் பிட்டாக ஏதோ உதிர்ந்திருந்தது. சமையல்கட்டிலிருந்து கரி விழுகிறது என்று ஒருவர் துடைப்பத்தோடு அவர் பின்னாலேயே போனார். கடைசியில் பார்த்தால் இவருடைய அடித்தளம், பழைய கேக் மாதிரி உதிர்ந்துகொண்டிருக்கிறது. பாலியூரித்தேன் என்ற பொருளில் செய்த அடித்தளம் அது. லேசானது, நன்றாக உழைக்கக்கூடியது. ஆனால் காற்றிலுள்ள ஈரம் மெதுவாக அதன் பிணைப்பைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் இருந்தாலும் சிதையும். சில வருடங்களில் தொட்டாலே பொடியாகும். அந்தக் கல்யாணத்தையும் சேர்த்து ஐந்து முறை, ஒரு முறைக்கு 480 ரூபாய். அவருக்கு வருடத்துக்கு ஒரு தடவை போட எண்ணூறு ரூபாய் ஷூ தாராளம். உழைப்பில் தேயாத பொருள் வயதில் தேயும். அரிதாகப் போடுகிறவர் உழைப்புக்கு விலை கொடுப்பது வீண்.

என் பையனுக்குப் பள்ளி ஷூ வாங்கும்போதும் இதே பேச்சு வந்தது. எட்டு வயது. பத்து மாதத்தில் பெருவிரல் முட்டுகிறது. தோல் ஷூ மூன்று வருடம் உழைத்தால் என்ன, கால் அவ்வளவு நாள் காத்திருக்காது. தம்பி இருந்தால் அவனுக்கு ஆகும், இவனுக்குத் தம்பி இல்லை. மலிவானதில் முன்பக்கம் அகலமாக இருப்பதைப் பார்த்து வாங்கிவிட்டேன்.

கோவிலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இப்போது மலிவு ரப்பர் செருப்புதான். ஒரு மண்டப வாசலில் என் தோல் சான்டலைப் போலவே ஒன்று வைத்திருந்த யாரோ என்னுடையதை மாற்றிப் போட்டுக்கொண்டு போக, அவர் பாதித் தெருவில் உணர்ந்து திரும்பி வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்போது அதற்கு 110 நாள்தான் ஆகியிருந்தது. போயிருந்தால் நாளுக்குப் பதினைந்து ரூபாய்க்கு மேல். மழை நாளுக்கும் ரப்பர்தான், பையில் ஒரு ஜோடி சுருட்டிக் கிடக்கும்.

உசிலம்பட்டிப் பக்கம் ஊரில் இருக்கும் என் அப்பாவிடம் இந்தக் கணக்கையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அவர் வாசலில் கிடந்த தன் டயர் செருப்பைக் காட்டினார். லாரியின் பழைய நைலான் டயரை வெட்டிச் செய்தது. கருவேல முள் மேல் ஏறி நின்றாலும் முனை உள்ளே வராது. எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை. நாள் கணக்குப் போட்டால் ரூபாய்கூட வராது, காசுதான் வரும். ஆசைப்பட்டு நானும் ஒரு ஜோடி வாங்கிப் பார்த்தேன். காட்டு வரப்பில் அது ராஜா. செல்லூர்ச் சந்துகளில் இரண்டு நாள் நடந்ததும் முழங்கால் கேட்டது, மூன்றாம் நாள் பரணுக்குப் போய்விட்டது. இருபது வருடம் உழைக்கக்கூடிய செருப்பு என் கணக்கில் இரண்டே நாள். அப்பா அடுத்த முறை வந்தபோது எடுத்துக்கொண்டு போனார், அங்கே அது உழைத்துக்கொண்டிருக்கிறது.

என் சான்டலுக்கு மூன்றாவது அடித்தளமும் வைத்தேன். அதற்கு 500 ரூபாய், வார் மாற்றியது 90. அது 240 நாள் வந்தது. மறுபடியும் தேய்ந்ததும், வழக்கம்போலப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் இரும்புக் கட்டை மேல் கவிழ்த்து வைத்து, பழைய நூலை அறுத்து எடுத்துவிட்டு, ஓரத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினார். மூன்று முறை குத்திய ஊசித் துளைகள் நெருங்கி நெருங்கி, தோலின் ஓரம் தபால்தலைத் தாளைக் கிழிக்கும் இடம் போல ஆகியிருந்தது. விரலால் லேசாக இழுத்தார், கோடு போட்ட மாதிரி கிழிந்தது. "இனி நூல் நிற்காது, தம்பி. காசை வாங்கிக்கொண்டு தைத்துத் தருவேன், பத்து நாளில் திரும்ப வருவீர்கள்" என்றார்.

நோட்டைத் திறந்து எழுதினேன். 2,980 ரூபாய், 820 நாள். வகுத்துக்கொண்டிருக்கும்போதே அவர் சான்டலின் இரண்டு வளையங்களையும் கத்தியால் அறுத்தெடுத்துத் துடைத்துத் தன் டப்பாவில் போட்டார். "பித்தளை, நன்றாக இருக்கிறது. வேறு யாருக்காவது ஆகும்" என்று இருபது ரூபாயை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். பிறகு வாங்கிக்கொண்டு, 2,980-ஐ அடித்துவிட்டு 2,960 என்று எழுதினேன். நாளுக்கு 3 ரூபாய் 61 காசு.